ஒரு சொட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

அறுத்ததைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமா என்றுதான் வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். முடியும். விந்துக்குழாயை எந்தக் காலத்தில் வெட்டியிருந்தாலும், நல்ல நிலையில் இரண்டு முனைகளும் கைக்கு அகப்பட்டால், ஒட்ட வைத்துவிடலாம். ஆனால் அவர்கள் கேட்க வந்தது அது இல்லை. குழந்தை பிறக்குமா என்று கேட்கத்தான் வருகிறார்கள். கூட மாமியாரோ மச்சானோ நிற்கும்போது அப்படி நேராகக் கேட்கக் கூச்சமாக இருப்பதால் 'ஜாயிண்ட் ஆகுமா' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ஜாயிண்ட் ஆவது பெரும்பாலும் என் கையில் இருக்கிறது. குழந்தை அப்படி இல்லை.

நான் யூராலஜிஸ்ட். அரசுப் பணியில் இருந்தபோதும் ஓய்வு பெற்ற பிறகும் சென்னையில்தான் அறுவை செய்கிறேன். சொந்த ஊர் உத்திரமேரூர்ப் பக்கம் என்பதால், மாகறலில் உறவினர் ஒருவரின் சிறிய கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவதை வெகுகாலமாகப் பழக்கமாக வைத்திருக்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர் மாகறல். திருமாகறலீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களைத் தவிர வெளியூர்க்காரர்கள் அதிகம் இறங்க மாட்டார்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு அது வசதி. சென்னையில் யூராலஜி வாசலில் உட்கார யோசிக்கிறவர்கள் கூட, சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவது போல இங்கே வந்துவிட்டுப் போவார்கள்.

நுண்ணோக்கி வைத்துத் தைக்கும் வேலையை நான் கற்றது ஸ்டான்லி மருத்துவமனையில், பேராசிரியர் வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைத் துறையில். யூராலஜிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அறுந்த விரலின் ரத்தக் குழாயைத் தைக்கிறவர்களிடம்தான் விந்துக்குழாயைத் தைக்கக் கற்க முடியும். முதலில் கையுறை ரப்பரை இழுத்துக் கட்டி, அதில் கீறல் போட்டு, 10-0 நைலான் நூலால் தைத்துப் பழக வேண்டும். அந்த நூல் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மூச்சு விட்டால் பறக்கும். கீழே விழுந்தால் தேடிப் பயனில்லை. ரப்பருக்குப் பிறகு எலியின் தொடை ரத்தக் குழாய். அதில் கசிவு இல்லாமல் தைத்த பிறகுதான் மனிதன்.

ஆண் கருத்தடை இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுப்பதை நாட்டிலேயே முன்கூட்டித் தொடங்கியது அன்றைய சென்னை மாநில அரசுதான். 1959இல் 30 ரூபாய் கொடுத்தார்கள். அவசர நிலைக் காலத்தில் 1976-77இல் மட்டும் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், இந்தியாவில் பெண் கருத்தடை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். ஆகவே என்னிடம் வருகிற ஆண்கள், பத்து பேர் கேலி செய்ததையும் மீறி, மனைவியின் உடம்புக்காக மேசையில் ஏறிப் படுத்தவர்கள். அவர்கள்தான் பிறகு திரும்ப வருகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

மேல்நாட்டு நூல்களில் மறு இணைப்புக்கு முதல் காரணம் மறுமணம் என்று இருக்கும். இங்கே அதோடு இன்னொரு காரணமும் கனமாக இருக்கிறது: பிள்ளை இறந்துபோவது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் கருத்தடையை மாற்றிக்கொள்ளத் தமிழக அரசே 25,000 ரூபாய் வரை உதவி அறிவித்தது. மீனவக் குப்பங்களில் அநேகமாகப் பெண்கள்தான் கருத்தடை செய்திருந்தார்கள் என்பதால் அந்த வேலை பெரும்பாலும் மகப்பேறு மருத்துவர்களிடம் போயிற்று. ஆண்களில் இப்படி வருகிறவர்கள் ஒற்றை ஒற்றையாகத்தான் வருவார்கள்.

அப்படி ஒருவர் 2018 கடைசியில் வந்தார். நெல் பயிரிடுகிறவர், வயது 41. இரண்டாவது பிரசவத்தில் மனைவிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டதால், அவள் இன்னொரு கத்தியைத் தாங்க மாட்டாள் என்று 2007இல் இவரே முகாமில் தழும்பில்லா கருத்தடை செய்துகொண்டிருந்தார். மூத்த பையன் சாலை விபத்தில் போய்விட்டான். ஒரு பெண் இருக்கிறாள். மனைவிக்கு 35.

"கட்டினத அவுத்து விட்டுடுங்க டாக்டர்" என்றார்.

கட்டியிருந்தால் அவிழ்க்கலாம். வெட்டி, நடுவில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு முனையையும் சுட்டோ கட்டியோ, ஒன்று இன்னொன்றைத் தேடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சவ்வை இழுத்து மூடி விட்டிருப்பார்கள். நான் முதலில் செய்வது, அவரை நிற்க வைத்து விரலால் தடவிப் பார்ப்பது. விதை சுருங்காமல் இருக்கிறதா, இரண்டு முனைகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, குடலிறக்க ஆபரேஷன் தழும்பு ஏதாவது உண்டா என்று பார்ப்பேன். குடலிறக்கத்தைத் தைக்கும்போது தெரியாமல் மேலேயும் குழாய் அடைபட்டிருந்தால் கீழே ஒட்டி ஒரு பயனும் இல்லை. இவருக்குத் தழும்பு இல்லை. விதைகள் நல்ல அளவு. இடதுபக்கம் வெட்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் வலித்தது. அவர் அதைக் கட்டி என்று பயந்து, அதைப்பற்றியே பேசாமல் இருந்தார். எனக்கு அதைத் தொட்டதும் நிம்மதி.

காரணம் இது. குழாயை வெட்டினாலும் விதை விந்தணு உற்பத்தி செய்வதை நிறுத்துவதில்லை. வெளியேற வழி இல்லாததால், விதையின் முதுகில் ஒட்டிப் படுத்திருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. விரித்தால் ஆறு மீட்டர் நீளம் வரும் அந்தக் குழாய் மிக மெல்லியது. வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கி, ஏதோ ஓரிடத்தில் வெடித்துக் கசிந்து, அங்கே தழும்பாகி அடைத்துக்கொள்ளும். இப்போது அடைப்பு இரண்டு: மருத்துவர் போட்டது ஒன்று, உடம்பு போட்டது ஒன்று. மேலே உள்ளதை மட்டும் சரிசெய்தால் ஒன்றும் வராது. வெட்டிய முனையிலேயே கொஞ்சம் விந்தணு கசிந்து முடிச்சாகியிருந்தால், அழுத்தத்துக்கு அது ஒரு போக்கிடமாகி, கீழே உள்ள சுருளைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பட்டாணி முடிச்சு அப்படிப்பட்டதுதான். வலது பக்கம் முடிச்சு இல்லை. எபிடிடிமிஸ் தடித்துப் புடைத்திருந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி அப்போதே எனக்குச் சந்தேகம்.

வருஷம் எவ்வளவு ஆயிற்று என்பது முக்கியமாவதும் இந்த அழுத்தத்தால்தான். 1991இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வை நாங்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். கருத்தடை செய்து மூன்று வருஷத்துக்குள் மறு இணைப்பு செய்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தில் அணு திரும்பியது. 76 சதவீதம் பேரின் மனைவியர் கருவுற்றார்கள். பதினைந்து வருஷம் தாண்டியவர்களில் இந்த எண்கள் 71, 30. நோயாளிகள் முதல் எண்ணை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான் நான் காட்டுவேன். விந்தணு வெளியே வந்தும் குழந்தை இல்லாதவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். அதற்குச் சில காரணங்கள் உண்டு. வெட்டுப்பட்ட பிறகு ரத்தத்தில் விந்தணுவுக்கு எதிர்ப்பொருள் உருவாவது அவற்றில் ஒன்று. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது உருவாகிறது. ஆனாலும் அவர்களில் பலருக்குக் குழந்தை பிறந்துவிடுகிறது என்பதால் அதை வைத்து மட்டும் நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதைவிடப் பெரிய காரணம் மனைவியின் வயது.

இதைச் சொல்லும்போது அறையில் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை ஆணின் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்; இப்போது எல்லோரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றும் கணவரின் அம்மா, "அவளுக்கென்ன, ரெண்டு பெத்தவதானே" என்றார். அது உண்மைதான், அதே மனைவியோடு முன்பு குழந்தை பிறந்திருந்தால் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பெற்றது 24 வயதுக்குள். கருமுட்டை இருப்பு 35க்கு மேல் வேகமாகக் குறையும். மறு இணைப்பு செய்த பிறகு கரு நிற்கச் சராசரியாக ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்தைச் செலவழிக்க அந்தப் பெண்ணிடம் கையிருப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஆணை மேசையில் ஏற்றக் கூடாது என்பது என் முறை. காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்து, ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்து, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். ஏ.எம்.எச். 1.9. மோசமில்லை, தாராளமும் இல்லை.

அவர் வேறொரு வழியும் கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "ஊசி போட்டு உறிஞ்சி எடுத்து, அவ கர்ப்பப்பையில வெச்சுட்டா போச்சாமே?" உறிஞ்சி எடுக்கலாம். ஆனால் அப்படி எடுக்கிற விந்தணு எண்ணிக்கையில் சொற்பம், நீந்தும் திறனும் குறைவு. கர்ப்பப்பையில் வைத்தால் முட்டைவரை போய்ச் சேராது. எம்பிரியாலஜிஸ்ட் ஒற்றை விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்து, வெளியே எடுத்து வைத்த முட்டைக்குள் செலுத்த வேண்டும். அதுதான் இக்ஸி. 1992இல் பெல்ஜியத்தில் முதல் குழந்தைகள் பிறந்த செய்தி வந்த பிறகுதான், எங்கள் கத்திக்கு ஒரு மாற்றே வந்தது. அந்த வழியில் ஆணுக்குப் பத்து நிமிஷ வேலை. மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி, இடையில் ஸ்கேன், மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, பிறகு கரு வைப்பது. தனியாரில் ஒரு முயற்சிக்கு ஒன்றரை இரண்டு லட்சம் ஓடிவிடும். அது தவறினால் அடுத்ததற்கும் அதே அளவு. மறு இணைப்பு பலித்தால் மாதாமாதம் செலவில்லாமல் ஒரு வாய்ப்பு. அவர்கள் மறு இணைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு நிபந்தனை வைத்தேன்: அறுவையின்போது கிடைக்கிற விந்தணுவில் கொஞ்சம் எடுத்து உறைய வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஆய்வகம் உள்ள சென்னை மருத்துவமனைக்கு வரச் சொன்னேன்.

2019 ஜனவரியில், பொங்கல் கழிந்து, அறுவை நடந்தது.

விதைப்பையில் இருபுறமும் ஒரு சிறிய கீறல். இடதுபக்கம் முதலில். முடிச்சை ஒட்டி மேலும் கீழும் குழாயைப் பிடித்து, தழும்பைத் தாண்டி நல்ல திசு வரும்வரை மெல்லியதாக அரிந்துகொண்டே போக வேண்டும். வெட்டு முகத்தில் நடுத்துளை, அதைச் சுற்றிச் சளிப்படலம், அதைச் சுற்றித் தசை, ஓரத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் என்று வளையம் வளையமாகத் தெரிந்தால்தான் அந்த முனை உயிரோடு இருக்கிறது. ரத்தம் வராத முனையைத் தைத்தால் சில மாதத்தில் சுருங்கி மூடிக்கொள்ளும். ரத்தம் வருகிறது என்று அதிகமாகச் சுட்டாலும் அதே கதி. மேல்முனைக்குள் 24 நம்பர் கேனுலாவின் பிளாஸ்டிக் உறையை நுழைத்து சலைன் செலுத்தினேன், தடையில்லாமல் போனது. மேலே வழி திறந்திருக்கிறது.

பிறகு கீழ்முனை. அதை மெதுவாக நீவினால் ஒரு சொட்டு வரும். அந்தச் சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தொட்டு எடுத்து, பக்கத்து மேசையிலுள்ள ஆய்வக நுண்ணோக்கிக்குக் கொடுப்போம். அறுவை எப்படிப் போகும் என்பதை அந்தச் சொட்டுதான் தீர்மானிக்கிறது. அது வரும்வரை நான் எந்த நோயாளிக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. தண்ணீராகத் தெளிந்து வந்தால், அதில் விந்தணு தென்படாவிட்டாலும் பரவாயில்லை. குழாயோடு குழாயை ஒட்டலாம். கலங்கலாக வந்து, முழு விந்தணுவோ, வாலறுந்த தலைகளோ தெரிந்தாலும் ஒட்டலாம். பற்பசை மாதிரி கெட்டியாக வந்து, அதில் ஒன்றுமே இல்லாவிட்டால், கீழே எபிடிடிமிஸில் அடைப்பு என்று பொருள்.

இடதுபக்கச் சொட்டு கலங்கலாக வந்தது. பார்த்தவர், "சார், தலை நிறைய, முழுசா சிலது, ஒண்ணு ரெண்டு துள்ளுது" என்றார். துள்ளுகிறது என்றால் அதையே உறிஞ்சி உறைய வைக்கச் சொல்லிவிட்டுத் தையலைத் தொடங்கினேன். கீழ்முனைத் துளை அழுத்தத்தால் விரிந்து ஒரு மில்லிமீட்டர் இருந்தது. மேல்முனைத் துளை அதில் மூன்றில் ஒரு பங்கு. அளவு பொருந்தாத இரண்டையும் கசிவில்லாமல் சேர்ப்பதுதான் வித்தை. இரண்டு வெட்டு முகத்திலும் ஊசி இறங்க வேண்டிய இடங்களை நுண்முனைப் பேனாவால் ஆறு புள்ளிகளாகக் குறித்துக்கொள்வேன். புள்ளிக்குப் புள்ளி சளிப்படலத்தில் 10-0 நூல். அதற்கு வெளியே தசையில் 9-0. அதற்கும் வெளியே, இழுவை தையலில் விழாமல் தாங்க, உறையில் சில தையல். கசிவுதான் எதிரி. கசிந்த இடத்தில் திரும்ப முடிச்சு வந்து, உள்ளேயே அடைக்கும். கண்ணாடி வைத்துக்கொண்டு பெரிய நூலில் நாலு தையல் போட்டு முடிப்பவர்களும் உண்டு. அதிலும் சிலருக்குத் திறக்கிறது. நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

வலதுபக்கச் சொட்டு எதிர்பார்த்தபடியே பற்பசை. 0.1 மில்லி சலைன் செலுத்திக் கழுவிப் பார்த்தோம், குப்பை மட்டும். விதையை வெளியே எடுத்து எபிடிடிமிஸின் உறையைத் திறந்தோம். நுண்ணோக்கியில் அடைப்பு எங்கே என்று நிறம் மாறுவதிலிருந்து தெரியும். அடைப்புக்கு அப்பால் சுருள் மெலிந்தும், இப்பால் புடைத்தும் இருக்கும். புடைத்த பகுதியில் ஒரு சுருளைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு ஊசிகளைக் குத்தி வைத்துவிட்டு, அவற்றுக்கு நடுவில் கீற வேண்டும். முதலில் கீறினால் சுருள் சப்பிப் போய் ஊசி குத்த இடமிருக்காது. கீறியதும் வந்த சொட்டில் விந்தணு இருந்தது. அந்தச் சுருள் விந்துக்குழாயின் துளைக்குள் உள்மடிந்து உட்காரும்படி இழுத்துக் கட்டினோம். இது முன்னதைவிடக் கடினம், பலன் குறைவு, பலன் தெரியவும் தாமதமாகும். நாலரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடிந்தது. ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடலாமே என்று மயக்க மருத்துவர் பார்வையால் கேட்டார். அந்தப் பக்கம் என்றைக்குத் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

வெளியே வந்ததும் அவருக்குச் சொன்னது: ஒரு மாதம் லங்கோடு கட்டியே இருக்க வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது, பைக் கூடாது, மனைவியோடு சேரக் கூடாது. நவரை நாற்று நடுகிற நேரம். "டிராக்டர்ல உக்காரலாமா?" என்றார். கூடாது.

ஆறு வாரத்தில் முதல் விந்துப் பரிசோதனை. சில விந்தணுக்கள், எல்லாம் அசைவற்றவை. அவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு அது நல்ல செய்தி, வழி திறந்திருக்கிறது. பரிசோதனைக்காக வீட்டில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து கொடுத்திருந்தார். அது சரிப்படாது. அரை மணிக்குள், அதிகம் போனால் ஒரு மணிக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டோடு வர வேண்டும். அடுத்த முறையிலிருந்து காஞ்சிபுரம் ஆய்வகத்திலேயே கொடுத்தார். மூன்றாவது மாதம் மில்லிக்கு 40 லட்சம். ஆறாவது மாதம் 1 கோடியே 80 லட்சம், அசைவு 30 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய கீழ் எல்லை 1 கோடியே 50 லட்சம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர் கேட்டார். விந்துக்கு வலது இடது தெரியாது, சொல்ல முடியாது.

ஒன்பதாவது மாத அறிக்கையில் எண்ணிக்கை 1 கோடியே 10 லட்சமாக இறங்கி, அசைவு 15 சதவீதமாகிவிட்டது. ஒரு முறை இறங்குவது காய்ச்சலாலும் நேரும். காய்ச்சல் வரவில்லை. எண்ணிக்கைக்கு முன்னால் அசைவு குறைந்தால், இணைத்த இடம் சுருங்கத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த வாரமே சென்னைக்கு வரவழைத்து, இரண்டு முறை விந்து எடுத்து உறைய வைத்தோம். அறுவையின்போது எடுத்தது ஏற்கெனவே இருந்தது. ஆனால் குழாய் வழியாக இயல்பாக வந்த விந்தணு அதைவிட உரம் உள்ளது. 2020 ஜனவரியில் 30 லட்சமாகிவிட்டது. கரு நிற்கவில்லை. மனைவிக்கு 36 முடிந்துவிட்டது.

திரும்ப அறுவை செய்யலாம். இரண்டாம் முறையில் தழும்பு அதிகம், பலன் குறைவு. தவிர, இன்னொரு வருஷம் போகும். இக்ஸிக்கு என்று முடிவு செய்து, மார்ச்சில் ஊசி தொடங்க இருந்தபோது ஊரடங்கு வந்தது. கருத்தரிப்பு மையங்கள் மூடிக் கிடந்தன. அக்டோபரில்தான் முட்டை எடுக்க முடிந்தது. ஏழு கிடைத்தன, முதிர்ந்தவை ஐந்து, நான்கு கருவாயின, ஐந்தாவது நாள்வரை வளர்ந்தவை இரண்டு. உறைய வைத்த விந்தணுவில் ஒரு குழல் மட்டும்தான் செலவாயிற்று. முதல் கரு நிற்கவில்லை. உறையில் இருந்த இரண்டாவதை 2021 ஜனவரியில் வைத்தார்கள். செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பாட்டிக்குப் பேரன் வேண்டியிருந்தது என்பதை மறைக்காமல் சொன்னார். குழந்தையை மடியிலிருந்து யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, நேராக இக்ஸிக்கே போயிருக்கலாமே என்று இளைய மருத்துவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதாக இருந்திருந்தால் நான் இரண்டாவது மறு இணைப்புக்கே போயிருப்பேன். நாற்பதாக இருந்திருந்தால் முதல் மறு இணைப்பைக்கூடச் செய்திருக்க மாட்டேன். 35 என்பது இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட வயது. அங்கே இரண்டு வழிகளையும் ஒன்றாகத் திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. உறைய வைப்பதற்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் ஆகும். அதை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள், இன்னொரு முறை ஊசியால் எடுக்க ஆகிற செலவைக் கேட்டால் பேச மாட்டார்கள்.

ஊசியால் எடுப்பதிலும் ஒரு வினோதம் இருக்கிறது. சாதாரண ஆணுக்கு எபிடிடிமிஸின் வால் பகுதியில்தான் முதிர்ந்த, நன்றாக நீந்துகிற விந்தணு இருக்கும். வெகுகாலம் அடைபட்ட ஆணுக்கு இது தலைகீழ். வாலில் தேங்கிக் கிடப்பவை கிழடுகளும் பிணங்களும். விதையை ஒட்டிய தலைப் பகுதியில்தான் புதிதாக வந்த, உயிருள்ளவை இருக்கும். இது தெரியாமல் வாலில் குத்திவிட்டு, 'ஒன்றும் இல்லை' என்று கைவிரித்தவர்கள் உண்டு. மரத்துப்போக மருந்து போட்டு, ஒரு மில்லி சிரிஞ்சில் மெல்லிய ஊசியைத் தலைப் பகுதியில் நுழைத்து மெதுவாக உறிஞ்ச வேண்டும். அங்கேயும் கிடைக்காவிட்டால் விதையிலிருந்தே எடுக்கலாம்; விதை நன்றாக இருக்கிற ஆணுக்கு அங்கே கிடைக்காமல் போவது அபூர்வம். ஆனால் ஊசி குத்திய சுருள் தழும்பாகும். ஆகவே பின்னால் மறு இணைப்பு வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எபிடிடிமிஸில் ஊசி வைக்க நான் விட மாட்டேன்.

இப்போது ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். உத்திரமேரூருக்கு அந்தப் பக்கத்து ஊர். வயது 53. கருத்தடை செய்து 22 வருஷம். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். இரண்டாவது மனைவிக்கு 38, அவருக்கு இது முதல் திருமணம். கணவருக்கு ஜாயிண்ட்தான் வேண்டும். டெஸ்ட் டியூப் என்றால் ஊரில் வேறு யாருடைய பிள்ளையோ என்று பேசுவார்கள் என்கிறார். விந்தணு உங்களுடையது, முட்டை அவருடையது என்று படம் போட்டுக் காட்டினேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில் சட்டத்தைச் சொன்னேன். 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி இந்தச் சிகிச்சைக்கு ஆணின் வயது 55க்குள், பெண்ணின் வயது 50க்குள் இருக்க வேண்டும். மறு இணைப்பு செய்து, ஒன்றரை வருஷம் பார்த்து, அது பலிக்காவிட்டால், அதற்குள் அவர் 55ஐத் தொட்டுவிடுவார். பிறகு எந்த மையமும் அவரைச் சேர்க்க முடியாது. 22 வருஷம் என்பதால் இரண்டு பக்கச் சொட்டும் பற்பசையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் மனைவி, அதுவரை வாயே திறக்காதவர், "இதுல யோசிக்க என்ன இருக்குது? ஊசி எனக்குத்தானே?" என்று கேட்டார். அடுத்த மாதவிலக்கின் இரண்டாவது நாளில் ஊசி தொடங்குகிறது. முட்டை எடுக்கிற அதே காலையில் இவருக்கும் ஊசி வைப்பதா, முன்பே எடுத்து உறைய வைப்பதா என்று எம்பிரியாலஜிஸ்ட் கேட்டிருக்கிறார். முன்பே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கிடைக்காமல் போனால் அந்தப் பெண் பட்ட பன்னிரண்டு நாள் பாடு வீண்.